'முதியோர்'ங்கற வார்த்தையை மாத்தினா மட்டும் போதாது: நம்ம இல்லத்தோட புது பிரோஷரைப் பத்தி ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

புது பிரோஷரோட டிராஃப்டை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி குடும்பத்துக்காரங்க எல்லாருக்கும் அனுப்பி கருத்து கேட்டிருந்தீங்க, அதுக்கு முதல்ல நன்றி. அம்மா உங்க இல்லத்துக்கு வந்து மூணு வருஷம் ஆகப்போகுது, நான் பதினெட்டு வருஷமா அச்சுக்குப் போற மேட்டரைப் படிச்சுத் திருத்திக் குடுக்கிற வேலைல இருக்கேன், இந்த ரெண்டும் சேர்ந்ததால 'நல்லா வந்திருக்கு'ன்னு ஒரு வரி அனுப்பிட்டு விட்டுட மனசு வரல. இதே மாதிரி பிரோஷர் எழுதறப்போ மத்த இல்லங்களும் இதே இடத்துல தான் தடுமாறுவாங்கன்னு தோணுது, அதனால தான் எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்த மடலாவே எழுதறேன்.

நடந்ததைச் சொல்லிடறேன். டிராஃப்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் அம்மா கைல குடுத்தேன். அவங்க லென்ஸை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரலை ஓட்டித் தான் படிப்பாங்க, மெதுவா, ஆனா ஒரு எழுத்து விட மாட்டாங்க. மூணாம் பக்கத்துல விரல் நின்னுடுச்சு. 'தள்ளாத வயதில் தளர்ந்து போன வயோதிகர்களை எங்கள் இல்லத்தில் சேர்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்'னு இருக்கே, அந்த வரி. "இதுல 'நீங்கள்'னு சொல்றாங்களே, அது யாரு?"ன்னு கேட்டாங்க. எங்களை மாதிரி பிள்ளைங்களைச் சொல்றாங்கம்மான்னு சொன்னேன். "அப்போ நான்?"னாங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவங்க லென்ஸைத் துடைச்சு டப்பால வச்சுட்டு மிச்சத்தை அப்புறம் படிக்கிறேன்னு சொல்லிட்டாங்க.

நீங்க அனுப்பின குறிப்புல, 'முதியோர்'ங்கற சொல் சில பேருக்குப் பிடிக்கலன்னு சொல்றாங்க, அதனால வர்ற இடத்துல எல்லாம் 'மூத்த குடிமக்கள்'னு மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்திடலாம், வேலை சுலபம் தான். ஆனா அம்மா விரல் நின்ன வரில 'முதியோர்'ங்கற சொல்லே இல்ல, அதைக் கவனிச்சீங்களா? 'வயோதிகர்களை'யை எடுத்துட்டு 'மூத்த குடிமக்களை'ன்னு போட்டுப் பாருங்க. 'மூத்த குடிமக்களை எங்கள் இல்லத்தில் சேர்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.' குத்தற இடம் அப்படியே தான் இருக்கு. அதனால தான் ஒரு வார்த்தையைத் தூக்கிட்டு இன்னொண்ணை வைக்கிற வேலை இதுக்கு ஆகாதுன்னு சொல்றேன், ஒவ்வொரு இடத்துலயும் அந்தச் சொல் என்ன வேலை பண்ணுதுன்னு பாத்துத் தான் முடிவு பண்ணணும்.

நான் பென்சிலோட உக்காந்து பன்னெண்டு பக்கத்தையும் எண்ணினேன். முதியோர், முதியவர், வயோதிகர், வயசானவர்னு ஏதாவது ஒரு வடிவத்துல 41 இடத்துல வருது. அதுல 26 இடத்துல அந்தச் சொல்லே தேவையில்ல, எடுத்துட்டா வாக்கியம் இன்னும் நல்லா நிக்குது. 'முதியோர்களுக்கான நூலகம்', 'முதியோர் உடற்பயிற்சி நேரம்', 'முதியோர்கள் கலந்து பேசும் கூடம்'னு வரிசையா இருக்கு. இல்லத்துக்குள்ள இருக்கிற நூலகம் வேற யாருக்கு? நூலகம், உடற்பயிற்சி நேரம், பேசிக்கிற கூடம்னு போட்டாலே போதும். ஒரு ஓட்டல் தன்னோட விளம்பரத்துல 'விருந்தினர்களுக்கான படுக்கை, விருந்தினர்களுக்கான நாற்காலி'ன்னு எழுதறதில்லையே. தேவையே இல்லாத இடத்துல திரும்பத் திரும்ப ஒட்டும்போது தான் அது மனுஷங்களுக்குக் குத்தற முத்திரை மாதிரி ஆகிடுது, அந்தச் சொல் எவ்வளவு மரியாதையானதா இருந்தாலும்.

இன்னொரு 9 இடத்துல நீங்க உண்மைல சொல்ல வந்தது வயசையே இல்ல. 'முதியோர்களுக்கு ஏற்ற குளியலறை'ன்னு இருக்கு. இதுல படிக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? வழுக்காத தரையா, பிடிச்சுக்க சுவத்துல கம்பி இருக்கா, உக்காந்து குளிக்க ஸ்டூல் இருக்கா, வீல்சேர் உள்ள போற அளவுக்குக் கதவு அகலமா, உள்ள இருந்தபடியே கூப்பிட பெல் இருக்கா? இதுல எது எது இருக்கோ அதை எழுதுங்க. 65 வயசுல வீல்சேர்ல இருக்கறவங்களும் உண்டு, 88 வயசுல படியேறி மொட்டை மாடிக்குப் போறவங்களும் உண்டு, ரெண்டு பேருக்கும் உங்க இல்லத்துலயே ஆள் காட்டுவேன். கம்பி வேணுமா வேண்டாமாங்கறது காலோட விஷயம், பிறந்த வருஷத்தோட விஷயம் இல்ல. அதே மாதிரி சேர்க்கை விதில 'முதியவராக இருத்தல் வேண்டும்'னு இருக்கு, அங்க தேவை ஒரு எண், '60 வயது நிரம்பியிருக்க வேண்டும்'. எண்ணுக்கு யாரும் வருத்தப்பட மாட்டாங்க.

மீதி 6 இடம். அங்க தான் இந்த வயசுக்காரங்களை ஒரு கூட்டமா சொல்றதுக்கு நிஜமாவே ஒரு சொல் வேணும். எந்தச் சொல்லுங்கறதைக் கொஞ்சம் நிதானமா பேசணும்.

இங்கிலீஷ்ல 'ஓல்டு'ங்கற ஒரே சொல் பழைய செருப்புக்கும் வரும், வயசான மனுஷனுக்கும் வரும், அவங்களுக்குப் பிரச்சனை அங்கேயே ஆரம்பிக்குது. அதனால அவங்க 'எல்டர்லி'ன்னு போனாங்க, அதுவும் தளர்ந்தவங்கங்கற வாடை பிடிச்சுக்கிச்சு, இப்போ பெரும்பாலும் 'ஓல்டர்'னு ஒப்பிட்டுச் சொல்ற வடிவத்தைத் தான் எடுத்துக்கறாங்க. ஐ.நா.வோட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 1995ல வெளியிட்ட ஆறாவது பொதுக் கருத்துரைல புழக்கத்துல இருந்த பல பேரைப் பட்டியல் போட்டுட்டு 'ஓல்டர் பர்சன்ஸ்'ங்கறதைத் தான் தேர்ந்தெடுத்தாங்க. நமக்கு அந்தச் சிக்கல் அப்படியே கிடையாது. தமிழ்ல பொருளுக்குப் 'பழைய', மனுஷங்களுக்கு 'மூத்த', 'முதிய'ன்னு தனித்தனியா இருக்கு. யாரும் அம்மாவைப் 'பழைய அம்மா'ன்னு சொல்றதில்ல.

நம்ம மொழில அவமானம் இருக்கிற இடம் வேற, அது சொல்லோட வால்ல இருக்கு. 'பெரியவர்'னு சொன்னா எழுந்து நின்னு இடம் குடுக்கிற மாதிரி இருக்கு, அதே வேர்ல இருந்து வந்த 'பெருசு' ஒரு மனுஷனைப் பொருளாக்கிடுது, 'பெருசு வந்துச்சு, பெருசு தூங்குது'ன்னு வினையும் அஃறிணைக்குப் போயிடும். கிழவர், கிழவி கூட சொல்ற விதத்தைப் பொறுத்து, ஆனா 'கிழம்', 'கிழடு'ன்னு ஆனா அங்கயும் அதே கதை தான். இத்தனைக்கும் 'கிழவன்'ங்கறதுக்குப் பழைய பொருள் உரிமையுள்ளவன், சொந்தக்காரன். தொல்காப்பியத்துல கிழவன், கிழத்தின்னா தலைவன், தலைவி. குறள் 1039ல 'செல்லான் கிழவன் இருப்பின்'னு வர்றது நிலத்துக்குச் சொந்தக்காரனை, அதாவது அவன் வயலுக்குப் போய்ப் பாக்காம இருந்தா நிலம் கோவிச்சுக்கும்னு. அந்தக் கிழமை தான், உரிமைங்கற அர்த்தத்துல, இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைல ஒட்டிக்கிட்டு இருக்கு. சொந்தக்காரனைச் சொன்ன சொல் எங்க வந்து நிக்குது பாருங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, வேர்ச்சொல் நல்லா இருக்குங்கறதால மட்டும் ஒரு சொல்லைப் பிரோஷர்ல போட முடியாது, இன்னிக்குக் காதுல எப்படி விழுதுங்கறது தான் கணக்கு.

அந்தக் கணக்குல பாத்தா 'முதியோர்', 'முதியவர்'ல எனக்கு ஒரு குறையும் தெரியல. அதுக்கு வீட்டுப் பேச்சுல 'பெருசு' மாதிரி ஒரு கேலி வடிவம் நான் கேட்டதே இல்ல. மனசு சுருங்கறது 'முதியோர் இல்லம்'ங்கற ஜோடிச் சொல்லுக்குத் தான், ஏன்னா அதைச் சொன்னதும் பிள்ளைங்க கைவிட்டுட்டாங்கங்கற கதை கூடவே வந்து நிக்குது. ஆனா அதை அட்டைல இருந்து எடுத்துடாதீங்க. இடம் தேடறவங்க போன்ல டைப் பண்ணித் தேடறது அந்த ரெண்டு சொல்லைத் தான், விசாரிக்கறதும் அதைச் சொல்லித் தான். அட்டைல ஒரு தடவை, பதிவு விவரம் இருக்கிற கடைசிப் பக்கத்துல ஒரு தடவை இருக்கட்டும். உள்ள எல்லா இடத்துலயும் 'இல்லம்'னு மட்டும் போட்டாப் போதும்.

'மூத்த குடிமக்கள்' தப்பான சொல் இல்ல, ஆனா அது கவுண்டர்ல சலுகை குடுக்கறப்போ வர்ற சொல், சட்டமும் திட்டமும் பேசற இடத்துக்குப் பொருந்தும். பக்கத்து ரூம்ல இருக்கறவரைப் பத்திப் பேசறப்போ அது ஒட்டாது. அதோட 'குடிமக்கள்'னா குடியுரிமைங்கற அர்த்தமும் வந்துடுது, வேற நாட்டுல பிள்ளைங்களோட போய்த் தங்கி அங்கயே இல்லத்துல சேர்ற நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் அந்த நாட்டுக் குடிமக்கள் கிடையாதே. 'ஓய்வு பெற்றவர்கள்'னு ஒரு இடத்துல எழுதியிருக்கீங்க, அது இன்னும் பொருந்தாது. அம்மா சம்பளத்துக்கு வேலைக்குப் போனதே இல்ல, அவங்க எதுல இருந்து ஓய்வு பெத்தாங்க?

குழுவுல ஒருத்தர் 'முதுமக்கள்'னு போடலாம், தனித் தமிழா கம்பீரமா இருக்குன்னு சொன்னதா கேள்விப்பட்டேன். தயவு செஞ்சு வேண்டாம். அந்தச் சொல்லைப் படிச்சதும் அடுத்து 'தாழி'ன்னு வாய் தானா சொல்லும், முதுமக்கள் தாழின்னா இறந்தவங்களை வச்சுப் புதைச்ச பானை, பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லாருக்கும் தெரியும். 'மூப்பு'ங்கறதும் அப்படித் தான், வயது மூப்பு காரணமா காலமானார்னு இரங்கல் செய்தில தான் அதிகம் பாக்கிறோம். 'மூதாட்டி' பத்திரிகைச் செய்திச் சொல், அதுவும் நகை பறிபோனா, ரோட்டுல அடிபட்டா வர்ற சொல். 'அந்திமக் காலம்'னு ஒன்பதாம் பக்கத்துல இருக்கே, அது சாவுக்கு முந்தின காலம்னு தான் அர்த்தம், எழுதினவர் ஏதோ சாயங்காலம் மாதிரி அழகா இருக்குன்னு நினைச்சிருக்கார் போல.

அந்த 6 இடத்துக்கு என்னோட யோசனை 'மூத்தோர்', இல்லன்னா 'வயதில் மூத்தவர்கள்'. காரணம் இருக்கு. மூத்தங்கறது இன்னொருத்தரை வச்சுச் சொல்ற சொல், பத்து வயசுப் பொண்ணு கூட வீட்டுக்கு மூத்த பொண்ணா இருக்கலாம், அதனால அதுல தேஞ்சு போச்சு, தளர்ந்து போச்சுங்கற அர்த்தம் ஒட்டல, நம்மளை விட முன்னாடி வந்தவங்கங்கறது மட்டும் தான் இருக்கு. இங்கிலீஷ்காரங்க 'ஓல்டர்'னு போய்த் தேடிக்கிட்டது நம்ம கைல ஏற்கனவே இருக்கு. மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும்னு ஆரம்பிக்கிற பழமொழியைப் பாருங்க, அங்க மூத்தோர் ஏதோ சொல்றாங்க, அவங்களுக்கு வாய் இருக்கு. பேச்சுநடைல எழுதற இடத்துல 'பெரியவங்க'ன்னே போடலாம். 'முதியோர்'னே வச்சுக்கறதுன்னாலும் சரி தான், ஆனா 'முதியோர்கள்'னு எழுதாதீங்க, முதியோர்ங்கறதே பன்மை, மறுபடி ஒரு 'கள்' வேண்டாம்.

இப்போ மூணாம் பக்கத்துக்கு வர்றேன், சொல்லை விட வாக்கியம் தான் பெரிய வேலைன்னு அங்க தான் தெரியுது. நீங்க எழுதினது இது:

'தள்ளாத வயதில் தளர்ந்து போன வயோதிகர்களை எங்கள் இல்லத்தில் சேர்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். முதியோர்கள் வேளாவேளைக்குக் குளிப்பாட்டப்பட்டு, உணவூட்டப்பட்டு, குழந்தைகளைப் போல் பராமரிக்கப்படுவார்கள். முதியோர்களுக்கே உரிய பிடிவாதம், மறதி ஆகியவற்றை எங்கள் ஊழியர்கள் பொறுமையுடன் கையாளுவார்கள்.'

வினைகளை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. சேர்த்துவிட்டு, குளிப்பாட்டப்பட்டு, உணவூட்டப்பட்டு, பராமரிக்கப்படுவார்கள், கையாளுவார்கள். அந்த இல்லத்துல வாழப் போறவங்க தானா செய்யற ஒரு வேலை கூட இதுல இல்ல, எல்லாமே அவங்களுக்குச் செய்யப்படுது. பேரை எவ்வளவு மரியாதையா மாத்தினாலும் இந்தப் 'படுவார்கள்' அதைத் தின்னுடும். தமிழ்ல ஒருத்தருக்கு மரியாதை குடுக்கறது பாதி வினைல தான் இருக்கு. சேரலாம், வசிக்கலாம், கேட்கலாம், வேண்டாம்னு சொல்லலாம்னு எழுதிப் பாருங்க, அதே மனுஷங்க எழுந்து உக்கார்ற மாதிரி இருக்கும்.

'குழந்தைகளைப் போல்'ங்கறதை நீங்க பாசத்துல தான் எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், அம்மாவைப் பாத்துக்கறவங்க கிட்ட நான் அந்தப் பாசத்தை நேர்ல பாத்திருக்கேன். ஆனா குழந்தைன்னு சொன்னா அவங்களுக்காக மத்தவங்க முடிவு எடுக்கலாம்னு ஆகிடுது. குழந்தை வளர வளர நாம கையை விடுவோம், இவங்க கிட்ட பிடி இறுகிக்கிட்டே போகும். எண்பது வருஷம் வாழ்ந்தவங்க கிட்ட 'நாம மாத்திரை போட்டுக்கலாமா, நாம சமத்தா குளிக்கலாமா'ன்னு கேக்கறதும் இதோட தொடர்ச்சி தான். மாத்திரை போடறது அவங்க மட்டும் தானே, அப்புறம் 'நாம' எதுக்கு?

'பிடிவாதம்' பத்தித் தான் எனக்கு அதிகமா சொல்லணும். எட்டு மாசம் முன்னாடி அம்மா ரூமுக்கு எதிர் ரூம்ல இருக்கிற ஒருத்தர் குளிக்கவே மாட்டேன்னு நின்னார், அவருக்கு டிமென்ஷியா. நாலு நாள் எல்லாரும் பிடிவாதம்னு தான் சொன்னாங்க. உங்க ஸ்டாஃப்ல ஒரு தங்கச்சி தான் உக்காந்து கவனிச்சது, சட்டையைக் கழட்ட வலது கையைத் தூக்கும்போது மட்டும் தான் அவர் தட்டி விடறார்னு. டாக்டர் பாத்தா தோள் மூட்டு இறுகிப் போய் வலி, அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வரல. முன்னாடி பட்டன் வச்ச சட்டை குடுத்து, கழட்டறப்போ வலி இல்லாத கையை முதல்ல, போடறப்போ வலிக்கிற கையை முதல்லன்னு பழக்கினதும் அவர் குளிக்கப் போக ஆரம்பிச்சுட்டார். 'முதியோர்களுக்கே உரிய பிடிவாதம்'னு எழுதிட்டா அந்த வலியை யாரும் தேட மாட்டாங்க, வயசுன்னா இப்படித் தான்னு விட்டுடுவாங்க. புதுசா வேலைக்குச் சேர்றவங்களும் முதல் நாள் இந்தப் பிரோஷரைத் தான் படிப்பாங்க. மறதியும் அதே தான், அது வயசோட கூடப் பிறந்த குணம் இல்ல, டிமென்ஷியா ஒரு நோய், எல்லாருக்கும் வர்றதில்ல, வந்தவங்களை 'மறதி முதியோர்'னோ 'மனநிலை பாதிக்கப்பட்டவர்கள்'னோ எழுதாம டிமென்ஷியாவுடன் வாழ்பவர்கள்னு எழுதுங்க.

அந்தப் பத்தியை நான் இப்படி மாத்தியிருக்கேன்:

'60 வயது நிரம்பிய எவரும் இங்கே வந்து வசிக்கலாம். குளிக்க, உடை மாற்ற, சாப்பிட உதவி தேவைப்பட்டால் எந்த நேரத்தில், எந்த அளவுக்கு என்பதை நீங்களே சொல்லலாம். ஊழியர்கள் அதன்படி உடனிருப்பார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அதற்கான காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். டிமென்ஷியாவுடன் வாழ்பவர்களுக்கு அதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பகலிலும் இரவிலும் இருக்கிறார்கள்.'

'நீங்கள்' இப்போ யாருன்னு பாருங்க, அம்மா. பிள்ளைங்களுக்கான விவரத்தை, கட்டணம், பாக்க வர்ற நேரம், அவசரத்துக்கு யாருக்குப் போன் பண்ணணும்ங்கறதை எல்லாம் தனியா ஒரு பக்கத்துல 'குடும்பத்தினருக்கு'ன்னு தலைப்பு போட்டு வச்சுக்கலாம். தானே விசாரிச்சு, தானே பணம் கட்டி வந்தவங்களும், பிள்ளையே இல்லாதவங்களும் உங்க கிட்ட இருக்காங்க, அவங்களுக்கு 'உங்கள் பெற்றோரை'ன்னு ஆரம்பிக்கிற பக்கத்துல இடமே இல்ல.

நான் மாத்தின பத்தியோட கடைசி வரியைப் பத்தி உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், ராத்திரில பயிற்சி பெற்ற ஆள் நிஜமா இருந்தா மட்டும் அதைப் போடுங்க. மரியாதையா எழுதறேன்னு கஷ்டமான விஷயத்தை மூடி மறைக்கிறதும் தப்பு தான். எட்டாம் பக்கத்துல 'பொன்னான பருவத்தின் நிறைவான பராமரிப்பு'ன்னு இருக்கு, அது என்ன பராமரிப்புன்னு ரெண்டு தடவை படிச்சும் எனக்குப் புரியல, படுக்கைல இருந்து எழுந்திருக்க முடியாதவங்களைப் பத்தின பக்கம்னு கீழ இருந்த படத்தைப் பாத்துத் தான் தெரிஞ்சுது. அந்த நிலைமைல ஒருத்தரை வச்சுக்கிட்டு ராத்திரி தூக்கமில்லாம இடம் தேடறவங்களுக்குப் பொன்னான பருவம் எந்த உதவியும் பண்ணாது. 'படுத்த படுக்கையானவர்கள்'னு முத்திரை குத்த வேண்டாம், 'படுக்கையிலேயே பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கு'ன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் படுக்க உதவறது, படுக்கைப்புண் வராம தோலைப் பாக்கறதுன்னு நீங்க செய்யறதை அப்படியே எழுதுங்க. 'டயப்பர்'ங்கற சொல்லையும் அங்க இருந்து எடுத்துட்டு 'உறிஞ்சும் உள்ளாடை'ன்னு போடலாம், பொருள் ஒண்ணு தான், ஆனா பெரியவங்க போட்டுக்கறது உள்ளாடை தானே.

இன்னொரு பக்கம், ரொம்பப் புகழறதும் வேலைக்காகாது. 'வயதால் முதியவர், மனதால் இளைஞர்'னு பின்னட்டைல பெருசா இருக்கு. இளமையா இருக்கறது தான் நல்லது, வயசாகறது கெட்டதுன்னு ஒத்துக்கிட்டா தான் அந்தப் பாராட்டே நிக்கும். மாடில இருக்கிற 91 வயசு ஐயா கிட்ட அதைக் காட்டினேன், அவர் சொன்னது, "எனக்கு முதியவர்னு சொன்னா ஒண்ணும் இல்லம்மா, வயசாயிடுச்சு, அது உண்மை. இளைஞர்னு சொன்னா தான் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்களோன்னு இருக்கு." அவரை விட இருபது வயசு சின்னவங்க ஒருத்தர், அம்மாவோட சிநேகிதி, முதியவர்ங்கற சொல்லையே தன் பேரோட சேர்க்கக் கூடாதுன்னு சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி தான். அதனால ஒருத்தரைத் தனியா சொல்றப்போ எந்த வயசுச் சொல்லும் வேண்டாம், பேர் போதும்.

'தாத்தா பாட்டி' விஷயமும் இதுல வருது. 'எங்கள் இல்லத்துத் தாத்தா பாட்டிகள்'னு அஞ்சாம் பக்கத்துல தலைப்பு. நமக்கு உறவுமுறை சொல்லிக் கூப்பிடறது தான் மரியாதை, சார் மேடம்னு கூப்பிட்டா தூரமா இருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா கூப்பிடறது வேற, அச்சுல போடறது வேற. அம்மாவை உங்க ஸ்டாஃப் 'அம்மா'ன்னு கூப்பிடறாங்க, அவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பக்கத்து ரூம்ல இருக்கிற டீச்சரைப் பாட்டின்னு கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டாங்க, கல்யாணமே பண்ணிக்காதவங்க, நாப்பது வருஷம் டீச்சர்னு கூப்பிட்டுக் கேட்டவங்க. சேர்க்கை படிவத்துல 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?'னு ஒரு வரி சேர்த்துட்டா இதுக்குத் தீர்வு கிடைச்சுடும். உங்க ஆபீஸ்ல 'இன்மேட்ஸ்'னு சொல்ற பழக்கம் இருக்கு, பிரோஷர்லயும் அதைத் தமிழாக்கி 'இல்லவாசிகள்'னு ரெண்டு இடத்துல போட்டிருக்கீங்க, எனக்கு அதைப் படிச்சா சிறைவாசி தான் ஞாபகம் வருது. 'இங்கே வசிப்பவர்கள்'னு சொன்னா அதே விஷயம் தான், நெருடல் இல்லாம இருக்கும்.

மாத்தி எழுதினதைச் சரி பாக்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு தான் இருக்கு. முதியவர்னு வர்ற ஒவ்வொரு வாக்கியத்துலயும் அந்த இடத்துல 'நீங்கள்'னு வச்சு, அங்க வசிக்கிற ஒருத்தர் முகத்தைப் பாத்து சத்தமா படிங்க. 'நீங்கள் விரும்பும் நேரத்தில் நூலகத்துக்குப் போகலாம்'னு முகத்தைப் பாத்துச் சொல்ல முடியும். 'உங்களுக்கே உரிய பிடிவாதத்தைக் கையாளுவோம்'னு சொல்லிப் பாருங்க, பாதிலயே நாக்கு நின்னுடும், அந்த வரியை எடுத்துடுங்க. இதை நிர்வாகக் குழு மட்டும் ரூம்ல உக்காந்து பண்ணாம, வசிக்கிறவங்கள்ல ஒரு அஞ்சாறு பேரைக் கூட்டி வச்சுப் பண்ணணும், நல்லா பேசறவங்களை மட்டும் இல்லாம கம்மியா பேசறவங்களையும் வச்சு. எழுத்தும் இன்னும் பெருசா இருக்கட்டும், இப்போ இருக்கிற சைஸுக்கு அம்மாவுக்கு லென்ஸ் வேண்டியிருக்கு, அவங்களைப் பத்தின புத்தகத்தை அவங்களால படிக்க முடியாம அச்சடிச்சு என்ன பிரயோஜனம்?

திருத்தின பிரதியைச் சனிக்கிழமை கொண்டு வந்து ஆபீஸ்ல குடுக்கறேன், 41 இடமும் பென்சில்ல குறிச்சிருக்கேன், நான் சொன்னது எதாவது ஒத்து வரலன்னா அழிச்சுட்டு உங்களுக்குச் சரின்னு படறதை எழுதுங்க. ஏழாம் பக்கத்துல இருக்கிற போட்டோ மட்டும் ஒண்ணு பாக்கி. அலமாரி முன்னாடி அம்மா நிக்கிற படம், கீழ 'புத்தகத்துடன் ஒரு மூதாட்டி'ன்னு இருக்கு. அதை என்ன பண்ணலாம்னு அவங்க கிட்டயே கேட்டேன், லென்ஸை எடுத்துக் கொஞ்ச நேரம் படத்தைப் பாத்துட்டு என் பென்சிலை வாங்கி அவங்களே எழுதிட்டாங்க. முதல்ல இனிஷியலோட அவங்க முழுப் பேர், அடுத்த வரில 'நூலகப் பொறுப்பு, செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி முதல்'. அதை அப்படியே போட்டுடுங்க.